இருநூற்றுப் பன்னிரண்டாம் படத்து முறுக்கு

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு மாடிக் கட்டடத்தில், செண்பகம் நாள் முழுவதும் ஊர் பேர் தெரியாதவர்களின் அறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதுதான் அவளுடைய வேலை. கணினித் திரையில் ஒரு அறையின் படம் வரும். அதில் கொசுவை விரட்டும் சாமான் ஏதாவது இருந்தால், அதைச் சுற்றி ஒட்டினாற்போல ஒரு கட்டம் போட்டு, அதன் பேரைக் குறிக்க வேண்டும். கொசுவர்த்தி, கொசு பேட், ஸ்விட்ச் போர்டில் செருகும் லிக்விட் மெஷின் என்று மூன்று பேர்கள். ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை'. இப்படி ஆயிரக்கணக்கான படங்களைக் குறித்துக் கொடுத்தால், பிற்பாடு கம்ப்யூட்டரே பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளுமாம்.

முன்பு அவள் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தவள். தோலில் ஊசி ஒரு தையல் தவறினாலும் எட்டி நின்றே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்குக் கொசு பேட் எம்மாத்திரம்? சுவரில் சாய்த்து வைத்த டென்னிஸ் பேட்டைக் கொசு பேட் என்று மற்றவர்கள் குறித்தால், "வலை ஒரு அடுக்குதான் இருக்குது. கொசு பேட்டுக்கு மூணு அடுக்கு. கைப்பிடியில பட்டனும் இல்ல," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்படிப்பட்டவளுடைய வேலை அன்று காலை திரும்பி வந்துவிட்டது.

"அக்கா, பேஜாரா போச்சு," என்று ஓடிவந்தான் டீம் லீடர் இன்பராஜ். எதற்கெடுத்தாலும் ஓடிவருகிறவன்தான், ஆனாலும் இன்று வியர்த்திருந்தது. "படம் இருநூத்திப் பன்னெண்டு. தட்டுல கொசுவர்த்தி வெச்சிருக்காங்க. நீங்க குறிக்கல. பெங்களூர்லேர்ந்து நம்ம வேலையச் செக் பண்ற ஆதிகேசவன் சார் நேர்லயே வர்றாரு."

செண்பகம் படத்தைத் திறந்தாள். மங்கலான அறை. டீப்பாய் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் கருப்பாக, சுருள் சுருளாக ஒன்று.

"இது முறுக்கு சார்."

"பெங்களூர்ல சரியான பதிலுன்னு போட்டு வெச்சிருக்கிற ஆன்ஸர் கீயில கொசுவர்த்தின்னு இருக்குதுக்கா."

"கீ போட்டவங்க முறுக்கே தின்னதில்லையா? கேழ்வரகு முறுக்கு சார் இது. நல்லாப் பாருங்க. கொசுவர்த்தி ரெண்டு ரெண்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி வரும். பிரிச்சா, அடுத்தது இருந்த எடம் சுத்து முழுக்க ஒரே அகலமா இடைவெளி விட்டிருக்கும். இதுல ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஒட்டிக்கினு கெடக்குது. நடுவுல ஸ்டாண்டு முனையச் சொருகுற கீறலும் இல்ல."

பக்கத்து நாற்காலியிலிருந்து நசீமுன்னிசா எட்டிப் பார்த்தாள். பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். "முறுக்கேதான். எனக்குப் பசிக்குது," என்று தீர்ப்புச் சொன்னாள்.

இன்பராஜுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செண்பகம் கீழே இறங்கிப் போய், ஒரு கேழ்வரகு முறுக்கு பாக்கெட்டும் ஒரு கொசுவர்த்தி பாக்கெட்டும் வாங்கி வந்தாள். வேண்டுமென்றே கருப்பு நிறக் கொசுவர்த்தியாகக் கேட்டு வாங்கினாள். மீட்டிங் ரூமில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, ஒரே தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். படத்தில் இருந்த அதே மங்கல் வெளிச்சம். நசீமுன்னிசா போனில் படம் எடுத்து இன்பராஜிடம் நீட்டினாள்.

"எது எது, சொல்லுங்க சார்."

இன்பராஜ் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். "ரெண்டும் கொசுவர்த்தி," என்றான். பிறகு, "ரெண்டும் முறுக்கு," என்றான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அதே நேரம் வாசலில் கார் சத்தம் கேட்டது. ஆதிகேசவன் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். செண்பகமும் நசீமுன்னிசாவும் பதறி எழுந்து, வேலை செய்கிறவர்களைப் போல அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். இன்பராஜ் மட்டும் அவரை அழைத்துவந்து மீட்டிங் ரூமில் உட்காரவைத்துவிட்டு, "இதோ டீ சொல்லிட்டு வர்றேன் சார்," என்று கீழே பறந்தான். பதற்றத்தில் விளக்கைப் போட மறந்துவிட்டான். தட்டையும் மறந்துவிட்டான்.

கண்ணாடிக் கதவு வழியாகச் செண்பகம் அதைப் பார்த்தாள். ஆதிகேசவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் போல இருந்தார். போனில் எதையோ படித்தபடி ஒரு கையைத் தட்டுக்கு நீட்டினார். கை முறுக்கின் மேல் போய் நின்றது. அப்புறம் என்ன நினைத்தாரோ, அதைவிட்டு, வட்டம் இன்னும் அழகாக இருந்த மற்றதை எடுத்தார்.

"சார்! அது கொசுவர்த்தி சார்!"

அவள் போட்ட சத்தத்தில் ஹாலில் இருந்த பன்னிரண்டு பேரும் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். ஆதிகேசவனின் பல் கொசுவர்த்தியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடிக்கவில்லை. கண்ணை மட்டும் உருட்டினார்.

பத்து நிமிடம் அவர் வாய் கொப்பளித்தார். நசீமுன்னிசா செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். டீயோடு மேலே வந்த இன்பராஜ், நடந்ததைக் கேட்டுவிட்டு டீயைத் தானே குடித்துவிட்டான்.

"வெளிச்சம் கம்மியா இருந்துதும்மா," என்றார் ஆதிகேசவன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"படத்துலயும் கம்மிதான் சார்," என்றாள் செண்பகம், தணிந்த குரலில். "கையில எடுத்தே தெரியலன்னா, கீ போட்டவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று இன்பராஜ் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் ஆதிகேசவன், "இருநூத்திப் பன்னெண்ட எடுங்க," என்றார்.

படத்தைப் பெரிதாக்கினார்கள். சுருளின் ஓரமெல்லாம் முள் முள்ளாக இருந்தது. ஒரு முனை உடைந்து, தட்டில் தூள் கிடந்தது. சாம்பல் ஒரு பொட்டுகூட இல்லை. செண்பகம் அடுத்த படத்துக்குப் போனாள். அதே அறை, வேறு கோணம். டி.வி.க்குப் பின்னாலிருந்த ஸ்விட்ச் போர்டில் வெள்ளையாக ஏதோ செருகியிருந்தது.

"இது போன் சார்ஜர்னுதான் கீயில விட்டிருக்காங்க," என்றார் ஆதிகேசவன்.

"சார்ஜர்னா ஒயர் தொங்கும் சார். இதுக்குக் கீழ பாருங்க, குட்டி பாட்டிலு. பாதி அளவுக்கு மருந்து நிக்குது. லிக்விட் மெஷின். நான் கட்டம் போட்டிருக்கேன். அதையும் தப்புன்னு அனுப்பிட்டீங்க."

ஆதிகேசவன் திரைக்கு மிக அருகில் மூக்கைக் கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து, "கீயதான் திருத்தணும்," என்றார். செண்பகத்துக்கு உள்ளுக்குள் குபீரென்று சந்தோஷம் பொங்கியது. ஷூ கம்பெனியில் பத்து வருஷத்தில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

அங்கேயே உட்கார்ந்து அவர் புது விதி ஒன்று எழுதினார்: சுருள் வடிவத்தில் எது இருந்தாலும், முறுக்கா என்று பார்த்த பிறகே கொசுவர்த்தி என்று குறிக்க வேண்டும், தெரியாவிட்டால் 'சந்தேகம்' என்று போடலாம். விதி எல்லா ஊர் ஆபீசுக்கும் போனது. ஆதிகேசவன் மிச்சமிருந்த முறுக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, செண்பகத்திடம் உறுதி கேட்டுக்கொண்டு, தின்றுவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை ஒடிசா ஆபீசிலிருந்து ஒரு கேள்வி வந்தது: முறுக்கு என்றால் என்ன?

"அக்கா, நீங்களே பதில் எழுதிடுங்க," என்றான் இன்பராஜ்.

செண்பகமும் நசீமுன்னிசாவும் மத்தியானம் வரை உட்கார்ந்து எழுதினார்கள். அரிசியா கேழ்வரகா, எள்ளா சீரகமா, எண்ணெய் எவ்வளவு காய வேண்டும் என்று இருவருக்கும் சண்டை முற்றி, பதில் ஒன்றரைப் பக்கம் நீண்டது. இன்பராஜ் படித்துப் பார்த்து, அத்தனையையும் அடித்துவிட்டு, ஒரே வரியில் அனுப்பினான்: "தின்பண்டம். கொளுத்தக் கூடாது."