மூன்றரை ரூபாய்ப் பார்வை

ஜெயினுலாப்தீனின் பை தைக்கும் பட்டறையில் ஆறு தையல் மிஷின்கள், ஒரு செக்கிங் மேசை. மும்பை தாராவியில் இரண்டாம் மாடி. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததால் மருமகன் சாஹிலுக்குக் கை அரித்தது. ஐரோலியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்ப்பவன். சனிக்கிழமைகளில் மாமனாரின் தொழிலைக் காப்பாற்ற வந்துவிடுவான். காப்பாற்றச் சொல்லித் தொழில் கேட்டதாகத் தகவல் இல்லை.

"மாமா, இப்ப ரோஜ் கூலி அறுநூறு கொடுக்கிறீங்க. ஒரு ஆள் இருபது பை தைக்கிறாங்க. பைக்கு லேபர் முப்பது. பதினஞ்சு தைச்சாலும் அதே அறுநூறுதான். அப்ப பைக்கு நாப்பது. நஷ்டம் உங்க தலையில."

"இருவத்தி நாலு தைச்சா இருவத்தஞ்சுதானே ஆவும் மாப்ள."

"தைக்க மாட்டாங்களே. எதுக்குத் தைக்கணும்?"

மாமனார் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். நாட்கூலிக்காரர் ஒருவரிடம் கேட்டிருந்தாலும் காரணம் கிடைத்திருக்காது.

"பீஸ் ரேட் போடுங்க. பைக்கு இருபத்தேழு. பத்து தைச்சாலும் இருபத்தேழு, முப்பது தைச்சாலும் இருபத்தேழு. ஃபிக்ஸ். பாஸ் ஆன பைக்கு மட்டும்தான் காசு."

"அப்ப அதுக ஜாஸ்தி தைச்சா எனக்கு என்ன மிச்சம்?"

"வாடகை, கரண்ட். நூத்தியிருபது பை தாங்குறதை நூத்தம்பது பை தாங்கும்."

இப்படியாகத் தாராவிக்கு நவீனம் வந்து சேர்ந்தது. லேப்டாப்பில் அந்தத் திட்டத்துக்கு 'உழைப்பே உரிமை' என்று பெயர்கூட வைத்திருந்தான். தையல்காரப் பெண்கள் பெயரை விட்டுவிட்டு ரேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபசெல்வி முப்பது பை தைத்து எண்ணூற்றுப் பத்து வாங்கினாள். பத்தொன்பதைத் தாண்ட முடியாத பிச்சம்மாள் ஒரு மாதம் பார்த்துவிட்டு மாட்டுங்காவில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வேகமான ஒருத்தி வந்தாள். பட்டறையில் இப்போது நாளைக்கு நூற்றைம்பத்தாறு பைகள். சாஹில் சொன்னது எல்லாமே சரியாக நடந்தது. அதுதான் தொந்தரவு.

செக்கிங் மேசையில் இருந்தவள் முருகம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். செம்பூரில் ஒற்றை அறை. மகன் குடும்பத்தோடு கல்யாணில். வீட்டில் அவளிடம் பேசுவது டிவி ஒன்றுதான், அதுவும் பதில் கேட்காது. ஆகவே அவளுடைய பேச்செல்லாம் பட்டறையின் மதியச் சாப்பாட்டில் அடங்கியிருந்தது. ரோஜ் கூலி நாட்களில் ஆறு பெண்களும் மிஷினை நிறுத்திவிட்டு அவள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். அரைமணி முக்கால்மணியாக நீளும். நீண்ட கால்மணி முதலாளியின் காசு, யாருக்கும் கசக்கவில்லை. இப்போது அந்தக் கால்மணி அவரவர் காசு. மிஷினில் இருந்தபடியே நாலு வாய் விழுங்கிவிட்டு மிதித்தார்கள். முருகம்மாள் அத்தனை பெரிய மேசையில் ஒரு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

அதுவாவது பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமை சாஹிலின் பார்வை மேசைப் பக்கம் திரும்பியது.

"ஆன்ட்டி, உங்களுக்கு ரோஜ் நானூத்தியெண்பது. நூத்தியிருபது பை பார்த்த காலத்துல பைக்கு நாலு ரூபா விழுந்தது. இனிமே ஒரு பை பார்த்தா மூணரை. எத்தனை பார்க்கிறீங்களோ அத்தனை காசு. படியா ஹை நா? நல்லாருக்குல்ல?"

படியாவா இல்லையா என்று முருகம்மாளுக்குத் தெரியவில்லை. தலையாட்டினாள். சாஹிலும் ஒன்றைக் கவனிக்கவில்லை. பாஸ் ஆன பைக்கு என்று சொல்லாமல், பார்த்த பைக்கு என்று சொல்லிவிட்டான். தையல் விட்டிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்த பை, பிரித்துத் தைத்து மறுபடி மேசைக்கு வந்தால் அதற்கும் ஒரு மூன்றரை.

அதை முதலில் கண்டுபிடித்தது ஜெபசெல்விதான். கைப்பிடி கோணல் என்று திரும்பி வந்த பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏக்கா, இதத் திருப்பிவிட்டா ஒனக்கு இன்னொரு மூணரை. அப்படித்தான?"

"என்னட்டி பேசுத? கைப்பிடியப் பாரு, ஒரு பக்கம் ஏறி நிக்குது."

"ஏறித்தான் நிக்குது. ஒன் கண்ணும் இப்பதான் நல்லாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு."

மிஷின்கள் நின்று சிரித்தன. சிரிக்க ஆன நேரம் அவரவர் காசு என்பது நினைவுக்கு வந்ததும் ஓட ஆரம்பித்தன.

வேகமாகத் தைத்ததால் கோணலும் கூடியிருந்தது. நாளைக்கு இருபத்துநாலு பைகளாவது திரும்பின. முருகம்மாளுக்கு அறுநூற்று முப்பது ரூபாய் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வாங்கியதில்லை. வாங்கிய காசைப் பற்றிப் பட்டறையில் பேச ஆளும் இல்லை. அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. டீ வந்தால் அவள் கிளாஸ் கடைசியாக வந்தது. கோணலைக் கோணல் என்று சொன்னால் திருட்டு. சொல்லாமல் விட்டால் கடைக்காரன் கட்டாகத் திருப்பி அனுப்புவான். கோணலாகவே சிலதை விட்டுப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். கை கேட்கவில்லை.

முதலாளியிடம் போய் நின்றாள்.

"மொதலாளி, எனக்குப் பழைய ரோஜே போதும்."

ஜெயினுலாப்தீன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, கூட வருதுல்லா?"

"வருது. வேண்டாம்."

"யாராவது ஏதும் சொன்னாளா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதான்."

சாஹில் இதைக் கேள்விப்பட்டு முதலில் திகைத்தான். சம்பளத்தைக் குறைக்கச் சொல்லும் ஊழியருக்கு அவன் படிப்பில் பாடம் இல்லை. பிறகு கணக்குப் போட்டான். மூன்றரையில் முடிய வேண்டிய செக்கிங், திரும்பி வந்த பைகளோடு சேர்த்துப் பைக்கு நாலு ரூபாய் நாலு பைசாவாகியிருந்தது. நானூற்றெண்பதை நூற்றைம்பத்தாறால் வகுத்தால் மூன்று ரூபாய் எட்டு பைசா. அடுத்த சனிக்கிழமை லேப்டாப்பில் 'செக்கிங் செலவு மறுசீரமைப்பு' என்று புதுத் தலைப்பு இருந்தது. மாமனார் மருமகனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

ரோஜுக்குத் திரும்பிய விஷயத்தை முருகம்மாளே மிஷின் மிஷினாகப் போய்ச் சொன்னாள். இனி எந்தப் பையைத் திருப்பினாலும் தனக்குக் காலணா இல்லை என்றாள்.

"சரிக்கா," என்றாள் ஜெபசெல்வி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்ப இனிமே மெதுவாப் பாப்ப. எங்க பை மேசையில குவிஞ்சு கெடக்கும்."

மதியம் யாரும் வரவில்லை. கோபத்தில் இல்லை. கோபமெல்லாம் அந்த வாரமே தீர்ந்துவிட்டது. நேரமில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் ஜெபசெல்வியின் பை ஒன்றில் ஜிப் ஓரம் இரண்டு தையல் விட்டிருந்தது. முருகம்மாள் திருப்பினாள். ஜெபசெல்வி பையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கே வந்து உட்கார்ந்தாள். தையல் பிரிக்க மிஷின் தேவையில்லை, வெளிச்சம் போதும். ஜன்னல் இந்தப் பக்கம்தான்.

"சின்னவளுக்குக் காய்ச்சல்க்கா," என்றாள் நூலைப் பிரித்தபடி. "சயான் ஆஸ்பத்திரில ராத்திரி பூரா நின்னோம்."

"இப்ப எப்படியிருக்கா?"

"தேவலக்கா. தோசை கேக்குதா."

பிறகு புருஷனைத் திட்டினாள், மாமியாரைத் திட்டினாள். பழைய மாதிரியே மூக்கைச் சுளித்தாள். நூல் முடிந்தது. எழுந்து போய் மிஷினை மிதித்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் ஜெபசெல்வியின் பை மேசைக்கு வந்தது. முருகம்மாள் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மட்டம். உள்பக்கத்தைப் புரட்டி மூலைகளை விரலால் தடவினாள். ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். திருப்பி விட்டால் அவளுக்கு ஒரு பைசாவும் கிடையாது. யாரும் எதுவும் சொல்லவும் முடியாது. ஒரே ஒரு தையல் விட்டிருந்தால் போதும். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"என்னக்கா, அங்கயே குடும்பம் நடத்துத?" என்று மிஷினிலிருந்து குரல் வந்தது. "பாஸா இல்லையா?"

"பாஸ்தான்," என்றாள் முருகம்மாள். பையைத் தேறிய கட்டின்மேல் வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தாள்.