அசையாமல் உட்கார்ந்தவர்

அங்கப்பனை மூன்றாவது முறையாக வாசலில் பார்த்ததும் ரித்திகாவுக்கு அலுப்புத்தான் முதலில் வந்தது. காலையிலிருந்து பதினாறு பேருக்குக் காது பரிசோதித்திருந்தாள். போன முறை அவர் அறிக்கையில் ‘பதில்கள் நம்பத்தகுந்தவை அல்ல’ என்று எழுதியவள் அவளேதான். அந்த ஒரு வரியால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் நின்றுபோயிருந்தது.

முப்பது வருடம் விசைத்தறியில் நின்றவர். கருமத்தம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மனைவி ராசாத்தாளோடு வந்திருந்தார்.

“நடிக்கிறாருன்னு எழுதிட்டீங்களாம், அம்மணி” என்றாள் ராசாத்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“அப்படி எழுதலைங்கம்மா. சத்தம் கேட்டா அமுத்தச் சொன்ன பட்டனை, சத்தமே குடுக்காத நேரத்துல அமுத்துனாருங்க. அதான்.”

“வெளக்கு அணைஞ்சுபோகுதாமுங்க உள்ள. அமுத்துனா எரியும்னு நெனச்சு அமுத்தியிருக்காரு. அமுத்துனதும் எரியலைன்னு திரும்பத் திரும்ப அமுத்துனாராம்.”

ரித்திகா பேனாவைக் கீழே வைத்தாள்.

மருத்துவமனையின் புதிய கட்டடத்தில் எல்லா அறைக்கும் ஆள் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் அணையும் விளக்கு. சத்தம் புகாத அந்தச் சின்னப் பரிசோதனை அறையையும் விட்டுவைக்கவில்லை. ஐந்து நிமிடம் அசைவில்லையென்றால் இருட்டு. அவள் வெளியிலிருந்து கண்ணாடி ஜன்னலைத் தட்டுவாள், நோயாளி கையை ஆட்டுவார், விளக்கு வரும். எட்டு மாதமாக அதற்குப் பழகியிருந்தாள். அணைந்தால் கையை ஆட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்புவாள். அங்கப்பனிடமும் சொன்னாள். காது கேட்காதவரிடம், வாயால்.

சுவிட்ச் வைக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் நிர்வாகம் மறுத்திருந்தது. இந்த முறை அங்கப்பனை வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டு, நேராக மேலாளரிடம் போய் நின்றாள். சுவிட்ச் முடியாது, வேண்டுமானால் ஆள் அசைவைப் பார்க்கும் சென்சாரை மாற்றலாம் என்றார் அவர். மறுநாள் காந்திபுரத்து மின்சாதனக் கடையிலிருந்து சாஜித் வந்தார். கடையில் விற்பவரும் அவரே, மாட்டுபவரும் அவரே. நான்கு இடம் சுற்றி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“இது உடம்புச் சூடு இடம் மாறுறதைத்தான் பாக்குமுங்க” என்று பழைய சென்சாரைக் கழற்றினார். “ஆளு அசையாம உக்காந்தா மாறுறதுக்கு ஒண்ணுமில்லை. வெரல் அசையறதெல்லாம் அதுக்குப் பத்தாது. உங்க வேலையோ, அசையாம உக்காரச் சொல்றது.”

“புதுசு?”

“ரேடாருங்க. மில்லிமீட்டர் அலை. அலையை அனுப்பித் திரும்பி வர்றதைப் பாக்கும். மூச்சு விடறப்ப நெஞ்சு துளி அசையுமில்லீங்க, அது போதும்.”

பழைய இடத்திலேயே, கதவுக்கு மேல் மாட்டினார். விளக்கு எரிந்தது. இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். பத்து நிமிடம் ஆகியும் விளக்கு அணையவில்லை.

“காலி அறையில ஆள் இருக்குதுங்குதே” என்றாள் ரித்திகா. மேலாளர் நாளையே கழற்றச் சொல்லிவிடுவார் என்று தோன்றியது.

சாஜித் போனில் சென்சார் காட்டும் எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். “நேர் எதிர்ல காத்து போக வச்ச காத்தாடி சுத்துது. பத்தாததுக்குக் கண்ணாடி வழியா உங்களையும் பாக்குதுங்க.”

மறுபடி ஏணி ஏறினார். நாற்காலிக்கு நேர் மேலே, கீழ்நோக்கி மாட்டினார். ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எதையும் கணக்கில் எடுக்காதபடி தூரத்தைக் குறைத்தார். காற்றாடியும் கண்ணாடியும் அந்த எல்லைக்கு வெளியே போயின. ரித்திகாவை உள்ளே உட்கார வைத்தார். அவள் கண்ணை மூடினாள். சுவரைத் தாண்டி ஒரு சத்தமும் இல்லை. எட்டு மாதத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. கண்ணைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம் என்றார் சாஜித். வெளியே வந்ததும் சிறிது நேரத்தில் அணைந்தது.

வியாழக்கிழமை அங்கப்பன் வந்தார். இந்த முறை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். அவர் முழங்காலில் கை வைத்து, கூரையைப் பார்த்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்தார். ஒரு தடவைகூட வீணாக அழுத்தவில்லை. வரைபடத்தில் கோடு கீழே இறங்கிக்கொண்டே போனது. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் அவருக்கு அநேகமாக இல்லவே இல்லை.

“இப்ப சரியாப் பண்ணுனனுங்களா?” என்று சத்தமாகக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள். புது அறிக்கையில் பழையதை ரத்து செய்வதாகவும், தவறு பரிசோதனை அறையில் நேர்ந்தது என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். ராசாத்தாள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்து, “வாரமுங்க” என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. ரித்திகாவும் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் எட்டு மாதக் கோப்புகளை இறக்கினாள். ‘நம்பத்தகுந்தவை அல்ல’ என்று அவள் கையெழுத்தில் இன்னும் ஒன்பது பேர். முதல் எண்ணை அழைத்தாள்.

“ஆருங்க? ஒண்ணும் கேக்கலீங்க” என்று ஓர் ஆண்குரல் கத்தியது. துண்டித்துவிட்டார்.

 அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியில், ‘மறுபடி ஒருமுறை வாங்க, தப்பு எங்களுது’ என்று எழுதத் தொடங்கினாள்.