கையை உயர்த்திக் கேளுங்கள்

இரத்த வங்கியில் அவளுக்குச் சுவரக்கா என்று பெயர் வைத்தவர்களுக்குக் காரணம் தெரியாது. எங்கே உட்கார்ந்தாலும் இடப்பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்து உட்காருவாள், அவ்வளவுதான் அவர்கள் கண்டது. பத்து வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காதை எடுத்துக்கொண்டு போனது பெற்றவர்களுக்குப் பிறகு இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவள் கணவர். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னொருத்தி அவருடைய தங்கை.

அவர் இருந்தவரை தெருவில் எப்போதும் அவளுடைய இடப்பக்கமாகவே நடப்பார். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் முழங்கையில் இரண்டு தட்டு. அவள் திரும்பிச் சிரித்துவிடுவாள். கூப்பிட்டவருக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தட்ட ஆளில்லாததால் மதில்களை ஒட்டி நடக்கிறாள்.

தலைமை டெக்னீஷியன் வேலைக்கு அவள் ஏற்கெனவே இரண்டு முறை நேர்காணலுக்குப் போயிருந்தாள். இது மூன்றாவது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். போன முறை எழுத்துத் தேர்வில் முதல் ஆளாக வந்தவள், நேர்காணலில் கோட்டை விட்டாள். ஆபீஸ் கிளார்க் ஒருவர் மெல்லக் காதில் போட்டார், நல்ல வேளையாக வலது காதில்: "வெளியிலேருந்து வந்த நிபுணர் ரெண்டு தடவை கேள்வி கேட்டாராம், நீங்க அவரு பக்கம் திரும்பவே இல்லையாம். மேலதிகாரிங்களை மதிக்கத் தெரியாதுன்னு எழுதிட்டாங்க."

அவர் இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டாரோ, அந்த வருஷம் முழுக்க அவளுக்கு அதுவே உறுத்தல்.

நேர்காணலுக்கு முந்தின சாயங்காலம் நாத்தனார் கோர்ட்டிலிருந்து நேராக வந்தாள். அங்கே அவள் சுருக்கெழுத்தர். வந்ததும் நான்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். முன்பு இரண்டு முறையும் அவற்றைப் போட்டவர் அவள் அண்ணன்தான். நாற்காலிகளில் தலையணை, குக்கர், இஸ்திரிப் பெட்டி என்று வைத்து, அவற்றின் குரலில் பேசுவார்.

"இந்த நாலு பேரும் நான்தான்," என்றாள் நாத்தனார், முதல் நாற்காலியில் உட்கார்ந்து. "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க."

சுவரக்கா பேச ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் தாண்டுவதற்குள் நாத்தனார் கையை ஆட்டினாள்.

"அண்ணி, என்னையே முறைச்சுப் பார்த்தா நான் என்ன கடன்காரியா? கேட்டவங்க முகத்துல ஆரம்பிங்க. அப்புறம் பதிலை எல்லாருக்கும் பந்தி பரிமாறற மாதிரி கொண்டு போங்க. முடிக்கறப்ப திரும்பக் கேட்டவங்ககிட்ட வந்து நில்லுங்க."

"நாற்காலி காலியா இருக்கே, யாரைப் பார்க்கறது?"

"காலி நாற்காலியையும் பாருங்க. ஒருத்தர் வாயே திறக்காம எழுதிக்கிட்டே இருப்பார், தெரியும்ல? மார்க் போடறவர் அவராத்தான் இருக்கும்."

அடுத்த நாற்காலிக்கு ஓடிப்போய்க் கரகரத்த குரலில் குறுக்கே கேட்டாள். இன்னொன்றுக்குத் தாவினாள். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியது. "இந்தக் கமிட்டியில எனக்குச் சம்பளம் போதாது," என்றாள்.

பிறகு சும்மா உட்கார்ந்துவிட்டு, விளையாட்டை விட்டுக் கேட்டாள். "இதெல்லாம் சரி. இடப்பக்கத்துல இருக்கறவர் குறுக்குசால் ஓட்டினா என்ன பண்ணுவீங்க?"

"தெரியல."

"சொல்லிடுங்க அண்ணி."

"சொன்னா என்ன சொல்வாங்க? காது கேக்காதவ கையில ரத்தத்தைக் குடுக்கறதான்னுதானே கேப்பாங்க? இருக்கற வேலையும் போயிட்டா?"

நாத்தனார் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "கோர்ட்ல ரெண்டு வக்கீல் ஒரே நேரத்துல கத்தினா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? கையைத் தூக்குவேன். அவ்வளவுதான். ஜட்ஜே பேச்சை நிறுத்திடுவார். ஒரு கையால ரெண்டு பேரை எழுத முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காக யாரும் என்னை வேலைக்கு லாயக்கில்லாதவன்னு சொன்னதில்ல."

சுவரக்கா நாற்காலிகளை எடுத்து இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. வெளியே பெஞ்சில் இடப்பக்கச் சுவரோரமாக உட்கார்ந்தாள். மூன்று பேர் போய் வந்தார்கள். பியூன் பெயரைச் சொல்லிக் கதவைத் திறந்தார்.

நீள மேஜை, அதன் பின்னால் நான்கு பேர். நடுவில் தலைவராக மருத்துவக் கண்காணிப்பாளர். அவருக்கு வலப்பக்கம் இரத்த வங்கி டாக்டர், அவள் தினமும் பார்க்கிறவர். இன்னும் தள்ளி, அவளுக்கு இடக்கோடியாக, அதே வெளி நிபுணர். மறுகோடியில் கண்ணாடி போட்ட பெண் நிர்வாக அதிகாரி, தாளும் பேனாவுமாக. அவளுக்கான நாற்காலி தலைவருக்கு நேரே. இரண்டு பேர் இடப்பக்கம். இடப்பக்க ஜன்னலில் ஏசி வேறு உறுமிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க," என்றார் தலைவர்.

அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றாள். உட்கார்ந்துவிட்டால் வாய் வராது என்று தெரிந்தது.

"சார், நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திக்கலாமா? எனக்கு இடது காது கேக்காது. இப்படி உக்காந்தா நீங்க எல்லாரும் என் வலப்பக்கம் வந்துடுவீங்க. அப்படியும் நான் வேற ஒருத்தரைப் பார்த்துப் பேசறப்ப நீங்க கேக்கணும்னா, தயவுசெஞ்சு கையை உயர்த்திக் கேளுங்க. நான் திரும்பலைன்னா மதிக்கலைன்னு அர்த்தம் இல்ல."

கடைசி வாக்கியத்தை அவள் தயார் செய்து வரவில்லை. அதுவாக வந்துவிட்டது. வெளி நிபுணர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

தலைவர் தலையசைத்தார். அவள் நாற்காலியை இடக்கோடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிர்வாக அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவள் பயந்ததே வந்தது.

"இத்தனை வருஷமா இதைச் சொல்லாமலா வேலை பார்த்தீங்க? போன்ல அவசரத்துக்கு வார்டிலேருந்து ரத்தம் கேப்பாங்களே?"

கேட்டவர் முகத்தில் ஆரம்பித்தாள். "சொல்லாதது தப்புதான், மேடம். போனை வலது காதுல வெச்சுத்தான் பேசுவேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பேன்." பார்வையைத் தலைவருக்கு, டாக்டருக்கு, நிபுணருக்குக் கொண்டுபோனாள். "ஆனா வாயால கேட்டதை நம்பி யாருமே எங்க கவுண்டர்லேருந்து ஒரு பையை வெளியே அனுப்பக்கூடாது. படிவம் வரணும், நோயாளி பேரும் நம்பரும் பையில இருக்கறதோட ஒத்துப்போகணும், ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடணும்." மறுபடி அதிகாரியிடம் வந்தாள். "எங்க வேலை கண்ணால செய்யற வேலை, மேடம்."

இரத்த வங்கி டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நினைவு வந்து, கையைத் தூக்கினார். தூக்கிய கையைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். "பதினொரு வருஷத்துல இவங்க கொடுத்த பை ஒண்ணு கூட மாறினதில்ல. அதை மட்டும் சொல்லிக்கறேன்."

தலைவர் அடுத்த கேள்விக்கு வந்தார். "விபத்துல ஒரு ஆள் வர்றார், ரத்தப் பிரிவு தெரியாது, சோதிக்க நேரமும் இல்ல. என்ன செய்வீங்க?"

"மூணு விஷயம் சார்." கட்டைவிரலைத் தொட்டாள். "முதல்ல, ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடியே அவர்கிட்டேருந்து மாதிரி எடுத்து அனுப்பச் சொல்வேன். ரெண்டாவது, ஓ நெகட்டிவ் சிவப்பணு..."

நிபுணரின் கை உயர்ந்தது, கை முழுதாக மேலே போவதற்குள் குரலும் வந்துவிட்டது. "ஓ நெகட்டிவ் இருப்புல இல்லைன்னா?"

அவள் சுட்டுவிரலைத் தொட்டபடியே நிறுத்திக்கொண்டாள். கவுண்டரிலும் அப்படித்தான். படிவத்தைச் சரிபார்க்கும்போது யாராவது கூப்பிட்டால் விட்ட வரியில் விரல் நிற்கும். அவர் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து அவரைப் பார்த்தே சொன்னாள்: "ஆணா இருந்தாலும், பிள்ளை பெறும் வயசு தாண்டின பெண்ணா இருந்தாலும் ஓ பாசிட்டிவ் கொடுக்கலாம் சார். சின்ன வயசுப் பெண்ணுன்னா நெகட்டிவுக்கு மத்த வங்கிகளைக் கேப்பேன். அதுக்கும் நேரமில்லைன்னா சிகிச்சை பார்க்கற டாக்டர்கிட்ட நிலைமையைச் சொல்லி, அவர் எழுத்துல கேட்டா பாசிட்டிவ் கொடுப்பேன்." பிறகு தலைவரிடம் திரும்பினாள். "நீங்க கேட்டதுல மூணாவது பாக்கி இருக்கு சார், சொல்லி முடிச்சுடட்டுமா?"

"சொல்லுங்க."

"பை போனாலும் சோதனை நிக்காது. பிரிவும் பொருத்தமும் பார்த்துக்கிட்டே இருப்போம். முடிவு வந்ததும் அவரோட பிரிவுக்கே மாறிடுவோம்."

இன்னொரு கேள்விக்கு நடுவில் டாக்டரும் நிர்வாக அதிகாரியும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் யாரையும் தேர்ந்தெடுக்காமல் தலைவரைப் பார்த்தாள். "முதல்ல மேடம்," என்றார் தலைவர். வாத்தியார் வேலை வந்து சேர்ந்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் போலிருந்தது. டாக்டர் கையை இறக்காமல் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

இருபது நிமிஷத்தில் முடிந்தது. "யாருக்காவது பாக்கி?" என்றார் தலைவர்.

நிபுணர் கையை உயர்த்தினார். இந்த முறை குரல் வரும்முன் அவள் திரும்பும்வரை பொறுத்தார்.

"போன வருஷம் ஒரு கேள்வி கேட்டேன். ரெண்டு தடவை."

"தெரியும் சார். என்ன கேட்டீங்கன்னுதான் தெரியாது."

அவர் ஒரு கணம் மேஜையைப் பார்த்தார். "உங்களுக்குக் கீழ வேலை பார்க்கற ஒருத்தர் ஒரு விஷயத்தை மறைச்சது தெரிய வந்தா, என்ன செய்வீங்க?"

ஒரு வருஷம் காத்திருந்த கேள்வி இது. அவள் அவரைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"நோயாளிக்கு ஆபத்து வருமான்னு முதல்ல பார்ப்பேன் சார். வரும்னா வேலையை உடனே நிறுத்தி மேலே சொல்வேன். அதுல தயவு தாட்சண்யம் இல்ல." ஒவ்வொரு முகமாகப் போனாள். "அப்புறம் தனியா உக்கார வெச்சு, சொன்னா என்ன ஆகும்னு பயந்தாங்கன்னு கேப்பேன். அந்த பயம் நியாயமானதா இருந்தா, அதைத் திருத்த வேண்டியது நான்." அவரிடம் வந்து நின்றாள். "போன வருஷம் இந்தக் கேள்வி என் காதுல விழுந்திருந்தா, சார், இந்த பதில் வந்திருக்காது. தண்டனையைப் பத்தி மட்டும்தான் சொல்லியிருப்பேன்."

நிர்வாக அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். என்னவென்று தெரியவில்லை.

வெளியே வாசலில் நாத்தனார் கோர்ட்டுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நின்றிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"சொல்லிட்டேன்."

"ஐயோ! அவங்க?"

"கையைத் தூக்கினாங்க. நாலு பெரிய மனுஷங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி."

நாத்தனார் அங்கேயே சத்தமாகச் சிரித்தாள். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

பதினாறாம் நாள் உத்தரவு வந்தது. தலைமை டெக்னீஷியன். கூடவே ஒரு தாள் இணைத்திருந்தார்கள்: செவித்திறன் பரிசோதனை செய்து அறிக்கையைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், கவுண்டர் தொலைபேசிக்கு ஒளிரும் மணி பொருத்தப்படும். கீழே நான்கு கையெழுத்து. இடக்கோடியில் இருந்தது நிபுணருடையது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது பழக்கத்தில் இடப்பக்க மதிலை ஒட்டிப் போனாள். வழியில் கூட வந்து சேர்ந்த நாத்தனார் அவளுக்கும் மதிலுக்கும் நடுவே புகுந்துகொண்டாள். இடம் போதவில்லை. சுவரக்கா ஓர் அடி விலகி நடந்தாள்.