மெல்லிய சத்தங்கள் போன பிறகு

அன்று விடியற்காலையில் எழுந்தபோதே ஏதோ ஒன்று சரியில்லை என்று கௌசலாவுக்குத் தெரிந்தது. முற்றத்தில் வெளிச்சம் வந்திருந்தது. மாடு கத்தியது. வேலிக்கு அப்பால் மயில் ஒன்று அகவியது. காகம் கரைந்தது. ஆனால் இந்தச் சத்தங்களுக்கு நடுவே எப்போதும் நிரம்பியிருக்கும் ஒன்று இல்லை. சில்வண்டு இல்லை, சிட்டு இல்லை. பற்றைக்குள் கீச்சிடுகின்ற பெயர் தெரியாத குருவிகள் எதுவும் இல்லை. யாரோ காற்றை வடிகட்டி, கனமான சத்தங்களை மட்டும் விட்டுவைத்ததுபோல இருந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

கடல் ஊருக்குள் வந்த வருசம் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்த அவளுடைய மச்சாள் ஒருத்தி சொன்ன கதை நினைவுக்கு வந்தது. குருவிகள் முதலே போய்விட்டனவாம்; மனிதர்தான் கவனிக்கவில்லையாம். கௌசலா அலுமாரியைத் திறந்து அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் இரண்டு மாற்றுடுப்புகளையும் ஒரு பையில் வைத்தாள். மேலே தன்னுடைய மருந்துக் குளிசைகளை வைத்தாள். பையைக் கதவோரம் கொண்டுவந்து வைத்தபோது கணவன் யோகநாதன் பார்த்துவிட்டான்.

"எங்கையப்பா வெளிக்கிடுறீர்?"

"ஒரிடமும் இல்லை. இருக்கட்டும் எண்டுதான் எடுத்து வைச்சனான்." குரலைத் தாழ்த்தினாள். "குருவியள் எல்லாம் போட்டுதுகள். நீங்கள் கவனிக்கேல்லையே? ஏதோ வரப்போகுது."

யோகநாதன் சிரிக்கவில்லை. கண்டாவளையில் வயல் செய்கிற அவனும் சண்டைக் காலத்தில் பல தடவை பை கட்டிக்கொண்டு ஓடியவன்தான். வெளியே போய் நின்று காது கொடுத்துக் கேட்டான். பிறகு அவளைக் கூப்பிட்டுச் செவ்வரத்தையைக் காட்டினான்.

"ஆர் போனது? இந்தா, காது கிழியக் கத்துது."

பூவுக்குப் பக்கத்துக் கொப்பில் ஒரு தேன்சிட்டு இருந்தது. அலகு திறந்தது, மூடியது. தொண்டையின் சின்ன இறகுகள் துடித்தன. உடம்பு முழுக்க அதிர்ந்து பாடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

 கௌசலா, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்ற உயிரைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் ஓம், கத்துது," என்றாள். பையைத் திரும்பக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தாள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய கையோடு அதை ஒருவருக்கும் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்துவிட்டாள்.

பல வருசங்களுக்கு முன்பு முகாமில் இருந்தபோது அவளுக்குக் காசநோய் வந்தது. மருந்தெடுத்து அது மாறியது. ஆனால் நோய் போன இடத்தில் சுவாசக் குழாய்கள் விரிந்து தளர்ந்து கிடந்தன. அங்கே சளி தேங்கியது. தேங்கிய சளியில் கிருமி வளர்ந்தது. வருசத்தில் நாலைந்து தடவை காய்ச்சலும் பச்சைச் சளியும் மூச்சிழுப்புமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கலியாண வீடுகளில் கடைசிக் கதிரையில் இருந்து, இருமல் வந்தால் எழும்பிப் போனாள். மகளின் கலியாணத்தில்கூடத் தாலி கட்டும் நேரம் மண்டபத்துக்கு வெளியே குனிந்து நின்று துப்பிக்கொண்டிருந்தவள் அவள்.

நெஞ்சு நோய் மருத்துவர் பிரதாபன்தான் அசித்ரோமைசின் குளிசையைத் தொடங்கினார். உடனே தரவில்லை. பழைய காசநோயோ அதன் இனக் கிருமி வேறு ஏதுமோ உள்ளே இருக்கக்கூடாதென்று சளியைச் சோதித்தார். நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார். காதுச் சோதனைக்கு அனுப்பினார்.

"திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு குளிசை. கன காலத்துக்கு எடுக்கவேணும்," என்றார். "சின்ன அளவுதான். கிருமியை அடிக்கிறதுக்கு மட்டுமில்லை, உள்ளுக்குள்ள இருக்கிற அழற்சியையும் இது ஆத்தும். ஆனா ரெண்டு விசயம். சில பேருக்கு இதயத் துடிப்பின்ர ஒழுங்கைக் குழப்பும், அதால எனக்குச் சொல்லாமல் வேற மருந்து ஒண்டும் வாங்கிப் போடாதேங்கோ. மற்றது காது. இரைஞ்சாலோ, மந்தமானாலோ குளிசையை நிப்பாட்டிப்போட்டு உடன வாங்கோ. வேளைக்கு நிப்பாட்டினா அநேகமாத் திரும்பி வரும்."

ஒரு மாதம் கழித்து மறுபடி ஈசிஜி எடுத்தார்கள். நல்லாயிருந்தது. அதற்குப் பிறகு வந்த வருசம் முழுவதும் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவில்லை. மாரி மழைகூட அவளைத் தொடாமல் போனது. யோகநாதனுக்குப் பக்கத்தில் பாய் போட்டு விடியும்வரை நித்திரை கொண்டாள். கோயிலில் முன்வரிசையில் இருந்தாள்.

அதை ஒரு சிட்டுக்காக விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அடுத்த கிளினிக் நாளில் ஈசிஜி எடுத்தார்கள். மயக்கம் வந்ததோ, நெஞ்சு படபடத்ததோ என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றாள். அது உண்மை. காது எப்படி என்று கேட்டார்.

"நல்லாக் கேக்குது டொக்டர்."

"வருசம் ஒண்டாச்சு. எதுக்கும் ஒருக்காப் பாப்பம்."

காதுச் சோதனை செய்யும் யதுர்ஷிகா இளம் பிள்ளை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் அவளை இருத்தி, காதில் கருவியை மாட்டி, கையில் பொத்தானைத் தந்தாள். "மெல்லிசாக் கேட்டாலும் அமத்துங்கோ அம்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

முதலில் வந்த தடித்த சத்தங்கள் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கௌசலா கண்ணாடிக்கு அப்பால் யதுர்ஷிகாவின் தோளைப் பார்த்தாள். தோள் லேசாக அசையும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினாள். யதுர்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். வந்து கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

இப்போது வெள்ளைச் சுவர் மட்டும்தான். அந்த அறையின் அமைதியில் தன் மூச்சு அவளுக்குக் கேட்டது. கரகரப்பில்லாத, சுத்தமான மூச்சு. அதற்கும் பின்னால், தலைக்குள்ளே எங்கேயோ, ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது. தூரத்தில் யாரோ ஒரே சுருதியில் விடாமல் ஊதுவதுபோல. அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறது? அதைச் சோதனைச் சத்தம் என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

கதவு திறந்தது.

"அம்மா," யதுர்ஷிகா அவளுக்கு முன்னால் வந்து குந்தினாள். "நான் இப்ப ஒரு சத்தமும் போடேல்லை. நீங்கள் எதைக் கேட்டு அமத்தினீங்கள்?"

கௌசலா பொத்தானை மடியில் வைத்தாள்.

இந்தச் சோதனையை நம்பமுடியாது, அடுத்த கிழமை திரும்பச் செய்யவேண்டும் என்று யதுர்ஷிகா எழுதி அனுப்பினாள். அதுவரை குளிசையை நிறுத்தச் சொன்னார் டொக்டர். கௌசலா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து புதன்கிழமைக் குளிசையைப் போட்டாள். வெள்ளிக்கிழமைக் குளிசையையும் போட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போனாள். வைக்கோற்போரின் அடிப்பக்கத்தில் கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யோகநாதனின் குரல் வந்தது. குரல் வந்ததே தவிர, சொற்கள் கலங்கிப்போய் இருந்தன. கிணற்றடியில் நின்றவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவனுடைய முகத்தைப் பார்த்துத்தான் அவள் அப்படியே நின்றாள்.

"அசையாதையும்! கையை ஆட்டாதையும்!"

அவள் மெதுவாகக் கண்ணைத் தாழ்த்தினாள். அவளுடைய கைக்கு ஒரு சாண் தள்ளி வைக்கோலுக்குள் கண்ணாடிப் புடையன் பாம்பு சுருண்டு கிடந்தது. தலையை உள்ளே இழுத்துப் பாய்வதற்கு வைத்திருந்தது. அதன் உடம்பு ஊதிப் பெருத்தது, பிறகு வற்றியது. திரும்ப ஊதியது, வற்றியது. முதுகில் இருந்த வட்டங்கள் விரிந்து சுருங்கின. மூச்சு வாங்க முடியாமல் தவிக்கின்ற ஒரு நெஞ்சு மண்ணில் கிடந்து இயங்குவதுபோல இருந்தது. அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. எல்லாம் முழு நிசப்தத்தில் நடந்தது.

எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. புடையன் தானாகவே அவிழ்ந்து போருக்குப் பின்புறமாக ஊர்ந்து போனது. யோகநாதன் அவளை இழுத்தெடுத்தான். 

"உமக்கென்ன விசரே? குக்கர் மாதிரிச் சீறுது. கிணத்தடியில எனக்குக் கேக்குது. நீர் திரும்பத் திரும்பக் கையை விடுறீர்!"

"எனக்குக் கேக்கேல்லையப்பா."

"என்ன?"

"குருவியும் கேக்கேல்லை. நாலு கிழமையாக் கேக்கேல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். "சொன்னா அந்தக் குளிசையை நிப்பாட்டிப்போடுவினம். எனக்குத் திரும்ப இரும ஏலாதப்பா."

யோகநாதன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். பக்கத்தில் இருந்தான்.  அவள் நிம்மதியாக நித்திரை கொண்ட அந்த வருசம் அவனுக்கும் நிம்மதியான வருசம்தான்.

திங்கட்கிழமை குளிசை போடாமல், தவணைக்குக் காத்திராமல் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கௌசலா சுவரைப் பார்த்து இருந்தாள். கேட்டபோது மட்டும் அழுத்தினாள். கன நேரம் ஒரு அழுத்தலும் இல்லாமல் கழிந்தது. யதுர்ஷிகா காட்டிய படத்தில் கோடு தடித்த சத்தங்களின் பக்கம் நேராக வந்து, குருவிக் கீச்சுப் போன்ற மெல்லிய சத்தங்களின் பக்கம் மடமடவென்று கீழே இறங்கியிருந்தது. குளிசை தொடங்குவதற்கு முன் எடுத்த கோடு மேலே அப்படியே நேராக இருந்தது.

டொக்டர் பிரதாபன் கோபிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"குறைச்சுப் போடலாமே டொக்டர்? கிழமைக்கு ஒண்டு?"

"ஏலாதம்மா. காதில பட்டிட்டுது. திரும்ப வாறதுக்கு நாங்கள் இடம் விடவேணும்."

"நெஞ்சு?"

"மெசினில உப்புத்தண்ணிப் புகை பிடிக்கலாம். சளி எடுக்கிற மூச்சுப் பயிற்சியை ஒரு நாளும் விடக்கூடாது. சளி நிறம் மாறினா அண்டைக்கே வரவேணும். அந்தக் குளிசை மாதிரி இருக்குமெண்டு நான் பொய் சொல்லமாட்டன்."

கேட்கும் திறன் மெதுவாகத்தான் திரும்பியது. ஒருநாள் குசினியில் தாளிதம் வெடிப்பது கேட்டது. பிறகு தொலைபேசியில் மகளின் பேச்சில் உடைந்துபோன எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. அடுத்த சோதனையில் கோடு பெரும்பாலும் மேலே வந்திருந்தது. வலது காதின் இரைச்சல் மட்டும் போகவில்லை. அது அங்கேயே நிற்கக்கூடும் என்று யதுர்ஷிகா சொன்னாள்.

மாரி தொடங்கியதும் இருமலும் வந்தது. ஒவ்வொரு காலையும் உப்புத்தண்ணிப் புகையைப் பிடித்து, குனிந்து இருந்து சளியை வெளியே கொண்டுவந்தாள். அப்படியிருந்தும் மார்கழியில் காய்ச்சல் பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். முந்தின காலங்களைவிட வேளைக்கே வந்ததால் வேளைக்கே வீட்டுக்கு விட்டார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு இருமல் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் எழும்பி முன்னுக்குப் போய்விட்டாள். கௌசலா லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வெள்ளம் நின்ற வயல்கள் போய்க்கொண்டிருந்தன. பஸ் இரைந்தது, மழை இரைந்தது. அவற்றுக்கு உள்ளே, வேறு ஒருவருக்கும் கேட்காத, வலது காதின் அந்த ஒற்றைச் சுருதி அவளோடு கூடவே வந்தது. காலியான இருக்கையில் யாரோ வந்து இருந்ததுபோல இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.