காலியாக வந்த மதிப்பெண் சான்றிதழ்

எங்கள் பிரிவில் அவனுக்குப் புல்லட் என்று பெயர். செய்தியைப் படித்தானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பதில் போய்விடும். எங்கள் பிரிவுத் தலைவி மேடம் எங்களிடம் அவனைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நர்சிங் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவு அது. இணையத்தில் மாணவர்கள் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் எழுதுவதுதான் எங்கள் வேலை. அன்று விடுபட்ட சான்றிதழ்களை அனுப்பக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

இப்படிப்பட்ட நாட்களில் காலிச் செய்திகள் வந்து குவியும். போனில் எடுத்த படம் எங்கள் பக்கம் ஏற்கும் அளவைவிடப் பெரிதாக இருக்கும், ஏறாது. படம் மட்டும் நின்றுவிடும், செய்தி வந்துவிடும். அனுப்பியவருக்கு 'அனுப்பப்பட்டது' என்று காட்டும். எங்களுக்கோ பெயர், விண்ணப்ப எண், போன் எண், கீழே வெறும் வெள்ளை. நான் அதற்கெல்லாம் உட்கார்ந்து எழுதுவேன்: "உங்கள் செய்தி காலியாக வந்துள்ளது. இணைத்த படம் ஏறவில்லை போலிருக்கிறது. அளவைக் குறைத்து மறுபடி அனுப்புங்கள், ஐந்து மணிக்குள்."

புல்லட் ஒரே பொத்தானை அழுத்துவான். "உங்கள் செய்தி கிடைத்தது. நன்றி. சான்றிதழ் கேட்டு யாராவது போன் செய்தால் கொடுக்காதீர்கள்." அதோடு அந்த உரையாடல் மூடப்பட்டுவிடும்.

மதியம் அவன் திரையை எட்டிப் பார்த்தேன். நர்சிங் சேர இருந்த ஒரு பெண்ணின் செய்தி. காலி. அதன் கீழே இவனுடைய 'கிடைத்தது'.

"டேய், இதுல என்னடா கிடைச்சுது?"

"செய்தி கிடைச்சுது. அதைத்தானே சொன்னேன்? பொய்யா சொன்னேன்?"

"படம் வரலைன்னு ஒரு வரி எழுதினா உன் விரல் தேய்ஞ்சிடுமா?"

"அக்கா, நீங்க எழுதுங்க. நான் வீட்டுக்குப் போறேன்" என்று சிரித்தான்.

எழுத முடிந்தால் எழுதியிருக்க மாட்டேனா? மூடிய உரையாடலை எங்கள் பக்கமிருந்து திறக்க முடியாது. அந்தப் பெண் மறுபடி எழுதினால்தான் திறக்கும். அவள் எதற்கு எழுதப்போகிறாள்? கிடைத்துவிட்டது என்று நாங்களே சொல்லிவிட்டோமே.

மேடத்திடம் போய், அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நாம போன் பண்ணக்கூடாதும்மா. விதி தெரியும்ல?"

"தெரியும் மேடம். ஆனா அந்தப் பொண்ணோட சீட்டு போயிடும்."

"நூறு பேருக்குப் போகுது. நீ உன் சீட்டைப் பார்த்துக்கோ."

படிக்கட்டுக்குப் போய் என் சொந்த போனிலிருந்து அழைத்தேன். ஒரு பெண்மணி எடுத்தார், அந்தப் பெண்ணின் அம்மா.

"சேர்க்கைப் பிரிவுல இருந்து பேசறேம்மா. உங்க பொண்ணு அனுப்பின மார்க் ஷீட் எங்களுக்கு வரலை. படத்தோட அளவைக் குறைச்சு இப்பவே மறுபடி அனுப்பச் சொல்லுங்க."

"வந்துடுச்சுன்னு பதில் வந்துச்சே!"

"அது தானா போற பதில்மா. உள்ள ஒண்ணுமே இல்லை."

பின்னால் ஒரு இளங்குரல் கேட்டது. "அம்மா, வை! சர்டிபிகேட் கேட்டு போன் பண்ணுவாங்க, கொடுக்காதேன்னு அவங்களே எழுதியிருக்காங்க."

"என்கிட்ட கொடுக்க வேணாம். அதே பக்கத்துல போய் நீங்களே..."

"யாரு வயித்துல அடிக்கப் பாக்கறே? நல்லா இருப்பியா நீ?" அம்மா துண்டித்துவிட்டார். மறுபடி அடித்தேன், மணியே போகவில்லை. எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆத்திரமெல்லாம் புல்லட் மேலும், அவனுக்கு அந்தப் பொத்தானைச் செய்து கொடுத்தவர்கள் மேலும்தான். ஐந்து மணி வரை அந்த விண்ணப்ப எண்ணைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சான்றிதழ்களுக்கான கெடு முடிந்துவிட்டது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்திருந்தது. புல்லட் கைக்குப் போகும் முன் நான் எடுத்துக்கொண்டேன்.

"வணக்கம். நேற்று உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பெண் போன் செய்து என் மார்க் ஷீட்டைப் பற்றிக் கேட்டார். நாங்கள் ஏமாறவில்லை. மற்ற மாணவர்களும் ஏமாறாமல் இருக்க அந்த எண்ணின் படத்தை இணைத்துள்ளேன். நடவடிக்கை எடுக்கவும்."

போன் திரையைப் பிடித்த சின்னப் படம். அது மட்டும் சமர்த்தாக ஏறி வந்திருந்தது. அதில் என் எண்.

மேடம் வருவதற்குள் எழுதினேன்: "அந்த எண் என்னுடையதுதான். நேற்று உங்கள் செய்தி காலியாகத்தான் வந்தது. கிடைத்தது என்று நாங்கள் சொன்னது தவறு. மன்னியுங்கள். இந்த உரையாடலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கல்லூரி முதல்வரிடம் நேரில் காட்டுங்கள்."

அனுப்பிய கையோடு பதில் வந்தது.

"அப்போ என் சீட்டு இப்போ யார்கிட்ட இருக்கு அக்கா?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவள் இடத்தில் வேறொரு பெண்ணின் பெயர் ஏறியிருந்தது.