புளிக்கூடைக்குள் சாவி

டைரக்டர் தனசேகரனுக்குச் சொந்த ஊர் சந்தவாசல். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாவிட்டால் பாவம் சேரும் என்று நம்புகிறவர். அந்த மரியாதையையெல்லாம் திரைக்கதையிலும் கொட்டிவைத்திருந்தார். எந்த சீனைப் புரட்டினாலும் ஆலங்காயத்திலிருந்து ஜீப் மலை ஏறும், நாய் குரைக்கும், வாங்க, உக்காருங்க, டீ. முடிவில் வழியனுப்புதல். நூற்று அறுபது பக்கம்.

நூற்றிருபதுக்குக் குறைத்தால்தான் படம் என்று புரொடியூசர் கோபால்சாமி சொல்லிவிட்டார். அதற்காகத்தான் ஜவ்வாது மலையில் ஒரு லாட்ஜில் நாங்கள் டிஸ்கஷன் போட்டிருந்தோம். குறைத்துக் கொடுத்தால் ‘திரைக்கதை’ டைட்டில் கார்டில் என் பெயரும் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார் டைரக்டர். ஆறு வருடமாக ‘நன்றி’ கார்டில் மட்டுமே வாழ்கிற கீதாஞ்சலிக்கு, அதாவது எனக்கு, அது போதும்.

பூவரசன் பெண் கேட்டு வடிவேலு வீட்டுக்கு வரும் சீன் எட்டுப் பக்கம். நான் அதை “பொண்ணு குடுக்க முடியாது” என்ற வடிவேலுவின் வசனத்தில் தொடங்கினேன். கதவுக்குப் பின்னால் மகள் ரம்யா தலையை நிமிர்த்துவதோடு வெட்டினேன். அடுத்த சீனில் காதலர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில்.

“இன்னாம்மா இது, ஒரு டீகூட குடுக்கலியே!”

“டீ குடிச்சதால கதை நகருதா சார்? லேட்டா உள்ள போவோம், விஷயம் முடிஞ்சதும் வெளிய வந்துடுவோம்.”

மூன்று நாளில் அவருக்கு ருசி பிடித்துவிட்டது. வெட்டு வெட்டு என்றார். புளி கட்டும் சீனின் வாலையும் வெட்டச் சொன்னார்.

“அங்கதான் சார் ரம்யாவோட அம்மா குடோன் சாவியைப் புளிக்கூடைக்குள்ள போடறாங்க. விஷயம் இன்னும் முடியல.”

“யாரு கவனிக்கப் போறா?”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. நூற்றுப் பத்தொன்பது பக்கத்தில் முடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கோபால்சாமி வந்தார். கதை சொல்லும் நேரம் பார்த்து, டீ சொல்லிட்டு வா என்று டைரக்டர் என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது கிளைமாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் முதல் பக்கம்: ‘திரைக்கதை: தனசேகரன்’. அவ்வளவுதான்.

“இன்னா சார் இது?” என்று அவர் காதருகில் கேட்டேன்.

“நீ சொன்னதுதான். லேட்டா வந்த, சீக்கிரம் கெளம்பு” என்று சிரித்தார் மகானுபாவர்.

அதற்குள் கோபால்சாமி கையைத் தூக்கினார். “இருங்க. பூவரசனை அடைச்சு வெச்ச குடோனை ரம்யா தொறக்குது. சாவி ஏது?”

எனக்குத் தெரியாமல் புளி சீனின் வாலையும் வெட்டியிருக்கிறார்! டைரக்டர் பக்கங்களைப் புரட்டினார். ஃபேனுக்குக் கீழேயே வியர்த்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

வெட்டாத பிரதி என் பையில் இருந்தது. நான் பையைத் திறக்கவில்லை. பேனாவைத் திறந்து முதல் பக்கத்தின்மேல் வைத்தேன்.

அவர் என் பெயரை முழுசாக எழுதி முடிக்கிறவரை நகரவில்லை. சில சீன்களிலிருந்து சீக்கிரம் கிளம்பக் கூடாது.