இருந்தது ஒரே அன்னம்

"வாத்தை அனுப்பிட்டு அன்னம்னு சொன்னா அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"உனக்கே தெரியுது. காசு குடுத்தவங்களுக்குத் தெரியாதா? வாயை மூடிட்டு அந்த வாத்தை ஒரு போட்டோ எடு."

அக்கா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டினாள். தம்பி அலமாரியிலிருந்த வாத்து ஜக்கை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, அதன் மஞ்சள் மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டான்.

பழைய பீங்கான் சாமான்களை வாங்கி விற்கும் கடை அவர்களுடையது. எந்தப் பொருளும் இரண்டாவது கிடையாது. ஒரே பொருளின் படத்தைத் தங்கள் சொந்தத் தளத்திலும் போடுவார்கள், ஊரே வாங்கும் பெரிய ஆன்லைன் சந்தையிலும் போடுவார்கள். ஒரு பக்கம் விற்றால், மறுபக்கம் நீக்கிவிட்டுத்தான் பொட்டலத்தில் கைவைக்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. தம்பிக்கோ பொட்டலம் கட்டுவதென்றால் கிறக்கம். காலையில் அன்னப்பறவை ஜக் சந்தையில் விற்றுப்போனதும், அதன் நீண்ட கழுத்தைப் பஞ்சில் சுற்ற உட்கார்ந்தவன் உலகத்தையே மறந்துவிட்டான். கூரியர்காரர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் சொந்தத் தளம் நினைவுக்கு வந்தது. அதற்குள் அங்கே ஒரு பெண்மணி அதே அன்னத்துக்குப் பணம் கட்டிவிட்டார்.

அக்கா தட்டச்சு செய்தாள்:

"வணக்கம். நீங்கள் ஆர்டர் செய்த அன்னப்பறவை ஜக் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. உங்களுக்குச் சற்று முன்பே அது வேறொரு தளத்தில் விற்றுப்போய்விட்டது. உடனே இங்கிருந்து நீக்காதது எங்கள் தவறு, மன்னிக்கவும். உங்கள் ஆர்டரை ரத்து செய்கிறோம். கட்டிய தொகை முழுவதும் அதே கணக்குக்குத் திரும்பும். வங்கியைப் பொறுத்துச் சில நாட்கள் ஆகலாம். அல்லது, கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு வாத்து ஜக் இருக்கிறது. கழுத்து குட்டை, மூக்கு மஞ்சள். விலையும் குறைவு, மீதிப் பணத்தைத் திருப்பிவிடுவோம். எது வேண்டும் என்று சொல்லுங்கள்."

"கழுத்து குட்டைன்னு நாமளே காட்டிக்குடுக்கணுமா?"

"போட்டோவுல தெரியாதாடா, மண்டு?"

செய்தி போன சுருக்கில் பதில் வந்து விழுந்தது.

"ஐயோ, வாத்து வேணாங்க! எங்க மாமியாரோட அன்னத்தைக் கழுவும்போது கழுத்தை உடைச்சுட்டேன். பசை போட்டு ஒட்டி, சுவர் பக்கம் திருப்பி வச்சேன். இப்ப பார்த்தா அன்னத்தையே காணோம். ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. அதுக்குள்ள அதே மாதிரி ஒண்ணு இருந்தாகணும். நான் ஆர்டர் பண்ணது வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

தம்பி திடீரென்று நிமிர்ந்தான். "அக்கா, இவங்க அட்ரஸ் என்ன?"

அக்கா படித்தாள். மூன்றாவது மாடி, நீல நிறக் கதவு. தம்பி காலையில் வந்த ஆர்டரைத் திறந்தான். மூன்றாவது மாடி, நீல நிறக் கதவு. கட்டட எண்ணும் அதேதான். கீழே வாங்கியவரின் குறிப்பு: "என் அலுவலக நேரத்தில் வர வேண்டாம். நாளை மாலை, பெல் அடிக்காமல் எனக்குப் போன் செய்யவும். மனைவிக்குத் தெரியக் கூடாது. கழுத்தை நன்றாகச் சுற்றவும். வீட்டில் இருந்ததைத் தூக்கினேன், கழுத்து கையோடு வந்துவிட்டது."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தம்பி மேசைக்கடியில் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"பாவம் மனுஷன், தான்தான் உடைச்சோம்னு நினைச்சு நடுங்கிட்டிருக்காரு! சொல்லிடுக்கா!"

"ஒரு கஸ்டமர் வாங்கினதை இன்னொரு கஸ்டமர்கிட்டச் சொல்லக் கூடாது. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும்தான்."

"அப்ப அவங்க இன்னொரு அன்னத்தைத் தேடிப் பிடிச்சு வாங்கிடுவாங்க. மாமியார் வந்து பார்த்தா ஜோடியா நிக்கும். குஞ்சு எப்பன்னு கேப்பாங்க!"

அக்காவுக்கும் சிரிப்பு முட்டியது. அந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர், ஆளுக்கொரு மூலையில், ஒரே பறவைக்காகப் பூனைநடை போடுவது அவள் கண்முன் விரிந்தது. நாளை சாயங்காலம் அன்னம் தானாகவே அந்த வீட்டுப் படியேறப்போகிறது. அதுவரை இந்தப் பெண்ணை எப்படிப் பிடித்து வைப்பது? பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையையும் உளறக் கூடாது. நகத்தைக் கடித்தபடி யோசித்து, மெல்லத் தட்டினாள்:

"பணத்தையே திருப்பிவிடுகிறோம். ஒரு சின்ன யோசனை: வேறெங்கும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். நாளை இரவு வரை பொறுத்துப் பாருங்கள்."

"பொறுத்தா மட்டும் அன்னம் பறந்து வந்துடுமாங்க?"

தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா அவனைக் காலால் ஒரு இடி இடித்தாள். திரையில் அடுத்த செய்தி தோன்றியது.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அதை வாங்கினது யாருன்னு மட்டும் சொல்லுங்க. நானே பேசிக் கெஞ்சிப் பார்க்கிறேன். வீட்டுல பொம்பளைங்க படுற பாடு புரிஞ்ச மனுஷனா இருந்தா குடுத்துடுவாரு. அவர் நம்பரைக் கொஞ்சம் குடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."